பதினான்கு ஸ்லிப், இரண்டு எம்பி

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன மாதம் தலவாக்கலையில் உள்ள எங்கள் கொமியூனிகேஷனுக்கு வந்தான். அவனுடைய அம்மா குவைத்தில் வேலை செய்கிறார். அவர் மாதா மாதம் பணம் அனுப்பிய பதினான்கு ஸ்லிப்புகளை ஒரு வங்கியின் கடன் விண்ணப்பத்தோடு ஒன்லைனில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை ஏற்றியிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து, "இலக்கங்கள் தெளிவில்லை, மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணே, பைல் சின்னதா இருந்தாத்தான் ஏறுது. சின்னதா போட்டா தெரியலைங்குறாங்க. நான் என்னதான் செய்ய?" என்றான்.

தளத்தில் இருந்த நிபந்தனை இது: ஒரு பைல் 200 கேபிக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 2 எம்பியைத் தாண்டக் கூடாது. ஜேபெக், பிஎன்ஜி, பிடிஎப் மூன்றும் ஏற்கப்படும். பலர் முதல் வரியைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் 190 கேபிக்குக் கொண்டுவருவார்கள். பதினான்கை 190 ஆல் பெருக்கினால் 2660 கேபி. பதினோராவது பைலோடு தளம் கதவை மூடிவிடும். மொத்தம்தான் இங்கே உண்மையான எல்லை. 2 எம்பி என்பது சில தளங்களின் கணக்கில் 2048 கேபி, சிலவற்றில் 2000 கேபி. சின்னதை எடுத்துப் பதினான்கால் வகுத்தால் சுமார் 142 வருகிறது. ஆகவே ஒரு ஸ்லிப் சராசரியாக 140 கேபிக்குள் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்துப் பார்த்தது அவன் போனில் இருந்த படங்களை. அங்கேதான் முதல் கோளாறு. பணம் அனுப்பும் ஆப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டுகள் அவை, அம்மா வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தார். வட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் படத்தின் நீளப் பக்கத்தை 1600 பிக்சலுக்குள் இறக்கி, ஜேபெக்காக மாற்றித்தான் அனுப்பும். குவைத்தில் 1080க்கு 2400 ஆக இருந்த ஸ்லிப், லிந்துலைக்கு 720க்கு 1600 ஆக வந்து சேர்ந்திருந்தது. அவன் அதை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடியும் சுருக்கி ஏற்றியிருக்கிறான். ஒரு தடவை கசக்கிய துணியை மறுபடியும் கசக்கிய கதை. சாம்பல் நிறத்துச் சின்ன எழுத்தில் இருந்த பரிவர்த்தனை இலக்கத்தில் 8 எது, 3 எது என்று எனக்கே தெரியவில்லை.

சுருக்குவதற்கு வட்ஸ்அப்பையே வழியாகப் பயன்படுத்துகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். தனக்குத் தானே அனுப்பி, திரும்ப எடுத்துக்கொள்வார்கள். காசு செலவில்லை, எல்லாரிடமும் இருக்கிறது, ஒரே தட்டலில் பல படம் போகும். ஒரு அடையாள அட்டைப் படத்துக்கு அது போதும். ஆனால் எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. எழுத்து நிறைந்த ஸ்கிரீன்ஷொட்டில் போவது சின்ன எழுத்துத்தான், வங்கிக்காரர் பார்ப்பதும் அந்தச் சின்ன எழுத்தைத்தான். அதனால் இந்த வழியை முதலிலேயே தள்ளிவிட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லி, எல்லாத்தையும் டொக்கியுமென்டா அனுப்பச் சொல்லு தம்பி" என்றேன். இணைப்புக் குறியைத் தொட்டு, படம் என்பதை விட்டு, டொக்கியுமென்ட் என்பதன் வழியாக அனுப்பினால் வட்ஸ்அப் கை வைக்காது. அன்று இரவே பதினான்கும் அசலாக வந்துவிட்டன. எல்லாம் பிஎன்ஜி. பதினொன்று 300 கேபியைச் சுற்றி இருந்தன. மூன்று மட்டும் ஒவ்வொன்றும் 1.4 எம்பி. மொத்தம் எட்டு எம்பிக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரே போன், ஒரே ஆப், ஒரே அளவுத் திரை. பிறகு ஏன் மூன்று மட்டும் நாலு மடங்கு கனம்? திறந்து பார்த்தால் அந்த மூன்றிலும் ஸ்லிப்புக்குக் கீழே ஒரு விளம்பரப் படம், சிரிக்கும் குடும்பம் ஒன்று. பிஎன்ஜி எதையும் விட்டுக்கொடுக்காமல் சேமிக்கும் வகை. ஒரே நிறமாகக் கிடக்கும் வெள்ளைப் பரப்பை அது மிகச் சுருக்கமாக எழுதிவிடும். புகைப்படத்தில் ஒவ்வொரு புள்ளியும் வேறு நிறம் என்பதால் அங்கே அதற்கு வழியில்லை. இதனால் ஒன்று புரியும்: வெற்று வெள்ளை ஓரங்களை வெட்டுவதில் கேபி பெரிதாக மிச்சமாகாது. புகைப்படத் துண்டை வெட்டினால் பைல் பாதிக்கும் கீழே போகும். மூன்றிலும் விளம்பரத்தை மட்டும் வெட்டினோம். மேலே இருக்கும் நேரம், ஆப்பின் பெயர், திகதி, இலக்கம் எதையும் தொடவில்லை. அவற்றை வெட்டினால் ஸ்லிப்பை யாரோ திருத்தியது போல் தெரியும். அந்தச் சந்தேகத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

சரி, இனி மொத்தமாகச் சுருக்குவது.

ஒன்லைனில் சுருக்கித் தரும் தளங்கள்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். TinyPNG ஒரே தடவையில் பல படம் எடுக்கும், எழுத்துள்ள பிஎன்ஜியை நன்றாகவே சுருக்கும். அதன் வேலையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் படம் அவர்களுடைய சேர்வருக்குப் போய்த்தான் திரும்பும். ஸ்லிப்பில் அம்மாவின் கணக்கு இலக்கம் இருக்கிறது, மகனின் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது. நம்முடைய புதிய பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணை வைத்தே ஒருவர் பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா என்பது வரை சொல்லிவிடலாம். பதினான்கு மாதப் பண வரவோடு சேர்த்து அதை முன்பின் தெரியாத இடத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. Squoosh என்ற தளம் வேறு மாதிரி. படம் நம்முடைய பிரவுசருக்குள்ளேயே சுருங்கும், வெளியே போகாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு படம்தான். இரண்டு மூன்று படத்துக்கு அதையே சொல்வேன். பதினான்குக்கு உட்கார்ந்தால் கை வலிக்கும்.

கணினியில் வைத்தே செய்வதென்றால் விண்டோஸில் மிக இலகுவானது PowerToys இல் உள்ள Image Resizer. மைக்ரோசொப்ட் இலவசமாகத் தருவது. படங்களைத் தெரிவுசெய்து, வலது கிளிக் செய்து, அளவைச் சொன்னால் முடிந்தது. நானும் முதலில் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். அகலத்தை 1080 இலிருந்து 810 ஆக்கினேன். 300 கேபியாக இருந்த ஸ்லிப் 330 ஆகிவிட்டது!

தம்பி என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது தெரிந்தது. ஆனால் இது பிழையல்ல. அசல் ஸ்கிரீன்ஷொட்டில் நிறங்கள் மிகக் குறைவு, ஒரே வரிசைகள் திரும்பத் திரும்ப வரும். படத்தைச் சிறிதாக்கும்போது மென்பொருள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து புதிய நிறங்களை உண்டாக்குகிறது. எழுத்தின் ஓரமெல்லாம் வெவ்வேறு சாம்பலாகிவிடும். புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்தாலும் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு கலைந்துவிடுவதால் பிஎன்ஜி சில நேரம் பெருத்தே போகும். பிஎன்ஜி ஸ்கிரீன்ஷொட்டுக்கு அளவைக் குறைப்பது முதல் மருந்து அல்ல. நிறத்தைக் குறைப்பதுதான்.

அதற்கு நான் எடுத்தது ImageMagick. கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டும் என்பதால் பலர் பயப்படுவார்கள். ஆனால் ஒரே வரியில் முழு போல்டரையும் முடித்துவிடும். இலவசம், கடையில் தொழிலுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. அதைக் கணினியில் நிறுவிய பிறகு, பதினான்கு படங்களும் இருந்த போல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டியில் `cmd` என்று எழுதி என்டர் தட்டினால் அந்த இடத்திலேயே கறுப்புத் திரை திறக்கும். அதில் இது:

```
mkdir sinna
magick mogrify -path sinna +dither -colors 32 *.png
```

முதல் வரி `sinna` என்று ஒரு போல்டர் போடுகிறது. இரண்டாவது, ஒவ்வொரு படத்தையும் 32 நிறத்துக்குள் அடக்கி அந்தப் போல்டரில் போடுகிறது. `-path sinna` என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் `mogrify` அசல் படங்களின் மேலேயே எழுதிவிடும், பிறகு குவைத்துக்குத்தான் திரும்பக் கேட்க வேண்டும். `+dither` என்பது நிறங்களுக்கு நடுவே புள்ளி தூவ வேண்டாம் என்று சொல்வது. தூவினால் புகைப்படம் அழகாகத் தெரியும், ஆனால் ஸ்லிப்பின் வெள்ளைப் பரப்பில் தூசி படிந்த மாதிரி இருக்கும், பைலும் பெருக்கும்.

பணம் அனுப்பும் ஆப்பின் ஸ்லிப் ஒன்றில் எத்தனை நிறம் இருக்கும்? வெள்ளை, கறுப்பு, இரண்டு மூன்று சாம்பல், ஒரு பச்சைச் சரிக்குறி, ஆப்பின் நிறம், அவ்வளவுதான். மீதி எல்லாம் எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்க வந்த இடைநிறங்கள். 32 தாராளம். முடிவில் பதினான்கு பைலும் 60 இலிருந்து 95 கேபிக்குள் வந்தன. மொத்தம் சுமார் 1.1 எம்பி. அகலம் 1080 அப்படியே இருந்தது, எழுத்தும் கத்தி வெட்டு மாதிரி இருந்தது.

ஒன்றை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். நிறத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் மங்கலான சாம்பல் எழுத்து வெள்ளையோடு கலந்து காணாமல் போகலாம். பைலைத் திறந்து, நூறு சதவீத அளவில் வைத்து, இருப்பதிலேயே மங்கலான வரியைத் தேடிப் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் ஒரு பக்கம் தின்றது போல் இருந்தால் 32 ஐ 64 ஆக்கி மறுபடி ஓட்டலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இவ்வளவு நன்றாக வேலை செய்ததற்குக் காரணம் தளம் பிஎன்ஜியை ஏற்றது. எல்லாத் தளமும் ஏற்காது. அரசாங்கப் படிவங்கள் சில ஜேபெக் மட்டும் கேட்கும். அப்போது சிலர் பைல் பெயரில் `.png` ஐ அழித்து `.jpg` என்று எழுதி ஏற்றப் பார்ப்பார்கள். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே `PNG` என்ற எழுத்து தெரியும். தளத்தின் மென்பொருளும் பல நேரம் அதையேதான் பார்க்கிறது. பிறகு "செல்லுபடியாகாத பைல்" என்று சொல்லும், ஆள் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

ஜேபெக்கில் கதை தலைகீழ். அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாததை விட்டுவிடும். தேயிலை மலைப் படத்துக்கு அருமையானது. வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு மோசமானது. எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தது போல் புள்ளிகள் வரும். தரத்தைக் குறைக்கக் குறைக்க அந்த ஈக்கள் கூடும். இங்கே கொஞ்சம் அளவைக் குறைப்பது உதவும், ஏனென்றால் ஜேபெக் பைல் புள்ளிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்தே குறையும். அதே 140 கேபிக்கு, முழு அகலத்தை மிகத் தாழ்ந்த தரத்தில் வைப்பதா, முக்கால் அகலத்தை நல்ல தரத்தில் வைப்பதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சோதனைக்கு அதையும் ஓட்டிக் காட்டினேன்:

```
magick mogrify -path sinna -format jpg -background white -alpha remove -resize 810x -sampling-factor 4:4:4 -define jpeg:extent=140KB *.png
```

நீளமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி என்று எதுவும் கிடையாது. சில ஸ்கிரீன்ஷொட்டில் அப்படி ஏதும் இருந்தால் அந்த இடம் கறுத்துவிடும், அதனால் வெள்ளைப் பின்னணி. `4:4:4` என்பது நிறத் தகவலைப் பாதியாக்காதே என்று சொல்வது. அது இல்லாவிட்டால் சிவப்பு, பச்சை எழுத்துகள் கலங்கும், தொகையைப் பச்சையில் காட்டும் ஆப்பில் இது உடனே தெரியும். கடைசித் துண்டுதான் மொத்தமாகச் செய்யும்போது பெரிய உதவி. ஒவ்வொரு படத்துக்கும் தரத்தைத் தானே ஏற்றி இறக்கிப் பார்த்து, 140 கேபிக்குள் அடங்கும் மிக உயர்ந்த தரத்தை அதுவே தெரிவுசெய்யும். எல்லாவற்றுக்கும் ஒரே தரம் கொடுத்தால் ஒன்று 90 கேபி வரும், இன்னொன்று 230 வரும், தாண்டியதை மட்டும் தேடிப் பிடித்து மறுபடி செய்ய வேண்டும்.

ஆனால் அந்தக் கட்டளைக்கு ஈவிரக்கம் கிடையாது. சொன்ன கேபிக்குள் கொண்டுவருவதற்காகப் படத்தைச் சேறாக்கவும் தயங்காது. விளம்பரத்தை வெட்டாமல் அந்த மூன்று ஸ்லிப்பையும் இதில் போட்டிருந்தால், சிரிக்கும் குடும்பம் பாதிக் கேபியைத் தின்றுவிட்டு, இலக்கத்துக்கு மிச்சம் மீதியைத்தான் விட்டிருக்கும். வெட்டியதை முதலில் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டளை எழுத விருப்பமில்லாதவர்களுக்கு IrfanView இருக்கிறது. திறந்து `B` எழுத்தைத் தட்டினால் மொத்தமாக மாற்றும் ஜன்னல் வரும். படங்களைச் சேர்த்து, வெளியீட்டு வகையை ஜேபெக் என்று வைத்து, `Options` இல் தரத்தையும் `Advanced` இல் அகலத்தையும் சொன்னால் போதும். பெயரையும் சேர்த்தே மாற்றித் தரும் வசதி எனக்கு மிகப் பிடித்தது. `slip_##` என்று கொடுத்தால் `slip_01`, `slip_02` என்று வரிசையாகப் போடும். ஸ்கிரீன்ஷொட்டுகளின் நீளமான பெயர்களையும், இடைவெளிகளையும், தமிழில் வைத்த பெயர்களையும் சில தளங்கள் ஏற்காமல் முரண்டு பிடிக்கும். வெறும் 1, 2 என்று வைத்தாலும் சிக்கல்தான், பல தளங்களின் வரிசையில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். வீட்டில் ஒருவர் தன் படங்களுக்குச் செய்வதென்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் இலவசம் என்பது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். எங்களைப் போலக் காசு வாங்கிச் செய்யும் கடை என்றால் உரிமம் வாங்க வேண்டும். நான் கறுப்புத் திரைக்குப் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கணினியே கிடையாது, கையில் போன் மட்டும்தான் என்றால் அன்ட்ரொய்டில் Image Toolbox என்ற ஆப் உண்டு. பல படத்தைத் தெரிவுசெய்து, இத்தனை கேபிக்குள் வேண்டும் என்று சொல்லிவிடலாம். வேலையைப் போனுக்குள்ளேயே முடிக்கிறது. கேபியைச் சொல்லிக் குறைப்பதால் ஜேபெக் கட்டளைக்கு உள்ள அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். பிளே ஸ்டோரில் இதே வேலையைச் செய்வதாகச் சொல்லி விளம்பரம் விளம்பரமாக அடிக்கும் ஆப்கள் நிறைய. வங்கிப் படத்தை அவற்றிடம் கொடுக்க நான் தயங்குவேன்.

எல்லாவற்றையும் ஒரே பிடிஎப் ஆக்கி ஏற்றலாமே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் இந்தத் தளத்தில் பிடிஎப்புக்கும் அதே 200 கேபிதான். பதினான்கு பக்கத்தை அதற்குள் அடக்கினால் ஒரு பக்கத்துக்குப் பதினான்கு கேபி கிடைக்கும், ஒன்றும் தெரியாது. ஒரே பைல், 2 எம்பி என்று கேட்கும் தளத்தில் பிடிஎப்தான் சிறந்தது. அப்போதும் முதலில் படங்களைச் சுருக்கிவிட்டுத்தான் கோர்க்க வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் போல்டரில் பதினான்கையும் தெரிவுசெய்து, வலது கிளிக்கில் `Properties` பார்த்தோம். அங்கே இரண்டு எண் இருக்கும். `Size` என்பதைத்தான் பார்க்க வேண்டும். `Size on disk` பெரும்பாலும் கொஞ்சம் கூடவே காட்டும், அதைப் பார்த்துப் பயந்து மேலும் சுருக்கத் தேவையில்லை. பிறகு தம்பி ஒவ்வொரு ஸ்லிப்பின் இலக்கத்தையும் திரையில் பார்த்து வாசித்தான், நான் அம்மா அனுப்பிய அசலில் சரிபார்த்தேன். 8 எல்லாம் 8 ஆகவே இருந்தன.

வெளியே நல்ல மழை, லைன் இரண்டு தடவை விழுந்தது. பன்னிரண்டாவது பைல் பாதியில் நின்று மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அசல் எட்டு எம்பியோடு போராடியிருந்தால் அன்று முடிந்திருக்காது. சமர்ப்பித்ததற்கான இலக்கம் வந்ததும் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, இந்தத் தடவை டொக்கியுமென்டாகவே, அம்மாவுக்கு அனுப்பினான். நான் கடைக் கணினியில் இருந்த இரண்டு போல்டரையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.